மூன்று முறை வரச் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் உணவகத்தில் ஒரே வாரத்தில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். பத்து நாளுக்குள் ஐந்து பேரை எடுத்தாக வேண்டும். சான்றிதழ், முன் அனுபவம் எல்லாம் பார்த்து எடுத்தவர்கள்தான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகிறார்கள். நேரத்துக்கு வருகிற, நம்பி ஷிஃப்டை ஒப்படைக்கக்கூடிய ஆளை நேர்காணலிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்:

நேர்காணலில் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. "நேரத்துக்கு வந்துவிடுவீர்களா?" என்று கேட்டால் "வரமாட்டேன்" என்று சொன்ன ஒரு ஆளைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் வருவேன் என்றுதான் சொல்வார்கள். பாதிப் பேர் அதை மனதார நம்பியும் சொல்வார்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஆள் எடுக்கிற அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே ஒவ்வொருவரையும் மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரங்களில் வரச் சொல்லுங்கள். வந்தார்களா, எத்தனை மணிக்கு வந்தார்கள், வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொன்னார்களா என்று குறித்து வையுங்கள். நான் கடைத்தளத்திலும் பிறகு உணவகத்திலும் ஆள் எடுத்த வருடங்களில் இதைவிட உருப்படியான சோதனை எதுவும் எனக்கு அமையவில்லை.

ஏன் மூன்று முறை என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் வருகிறார்கள், ஐம்பது பேர் ஒழுங்கானவர்கள், ஐம்பது பேர் இழுத்தடிக்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்கானவர் நூறு நாளில் 95 நாள் நேரத்துக்கு வருவார். மற்றவர் 70 நாள் வருவார். (இந்த எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, உங்கள் இடத்தில் வேறாக இருக்கும்.) ஒரே ஒரு முறை வரச் சொன்னால் ஒழுங்கானவர்களில் 47 பேரும் மற்றவர்களில் 35 பேரும் நேரத்துக்கு வந்து நிற்பார்கள். எதிரே நிற்பவர் எந்த வகை என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று முறை வரச் சொன்னால், மூன்று முறையும் சரியாக வருகிறவர்கள் ஒழுங்கானவர்களில் 43 பேர், மற்றவர்களில் 17 பேர். பத்தில் மூன்று பேர் இன்னும் தப்பி உள்ளே வருகிறார்கள், ஆனால் நிலைமை முன்பைப் போல இருட்டில் இல்லை. கவனியுங்கள், ஏழு நல்ல ஆட்களை இந்தச் சோதனையில் நீங்களே இழக்கிறீர்கள். பஸ் பழுதானவர், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தவர் அந்த ஏழில் இருப்பார்கள். அவர்களை எப்படித் திரும்பப் பிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. எந்தத் தேர்வு முறை பிற்கால வேலைத்திறனை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. அந்த அளவுகோலில் எத்தனை வருடம் படித்தார் என்பதற்கு வெறும் 0.10, எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51, வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54. பிறகு 2022-இல் சாக்கெட் என்பவரும் அவர் குழுவும் கணக்கை மறுபடி பார்த்ததில் பல எண்கள் இறங்கிவிட்டன. ஆனால் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் அதிலும் பட்டியலின் உச்சியில்தான் இருந்தது. இவை வேலைத்திறனைப் பற்றிய எண்கள். நேரம் தவறாமையை மட்டும் தனியாக அளந்தவை அல்ல. இருந்தாலும் காகிதத்தைப் பார்த்து எடுத்த ஆட்கள் ஏன் கைவிட்டார்கள் என்று நீங்கள் ஆச்சரியப்படத் தேவையில்லை என்பதற்கு இதுவே போதும்.

இனி உங்களைப் போலவே நான் ஒருமுறை மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். அதிலேயே எல்லாப் படிகளும் வந்துவிடும். எழுபது பேர் உட்காரும் உணவகம். மூன்று சப்ளையர், ஒரு பாத்திரம் கழுவுபவர், பில்லிங்குக்கு ஒருவர், மொத்தம் ஐந்து பேர் வேண்டும். திங்கட்கிழமை காலையில் வாசலில் அறிவிப்பு ஒட்டினோம், வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வைத்தோம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வேலையில் சேர்ந்தார்கள். இடையில் நடந்தது இதுதான்.

அறிவிப்பில் வேலையின் கஷ்டமான பகுதியை முதல் வரியிலேயே போட்டோம். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்குத் தொடங்கும், இரவு ஷிஃப்ட் பதினொன்றரைக்கு முடியும், சனி ஞாயிறு கட்டாயம், விடுப்பு வார நாட்களில்தான். அதன் பிறகுதான் சம்பளமும் சாப்பாடும். இப்படி எழுதினால் ஆள் வரமாட்டான் என்று எங்கள் மேலாளர் பயந்தார். வருகிறவர்களின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் குறைகிறவர்கள் எப்படியும் இரண்டாவது வாரத்தில் போயிருப்பார்கள். அவர்கள் முதல் நாளே போவது உங்களுக்கு லாபம். கடைசி வரியில், மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் கூப்பிடவும் என்று போட்டோம். அந்த நேரத்தில்தான் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேச முடியும். காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டவர்களை நாங்கள் ஒதுக்கவில்லை, மூன்று மணிக்கு மறுபடி கூப்பிடச் சொன்னோம். அவர்களில் யார் கூப்பிட்டார்கள் என்பதையும் குறித்து வைத்தோம்.

மூன்று நாளில் 41 பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம். போனில் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று. காலை ஆறு மணிக்கு இங்கே நிற்க வேண்டுமானால் வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு, எதில் கிளம்புவீர்கள்? இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்தால் எப்படித் திரும்பிப் போவீர்கள்? வாரத்தில் மாற்ற முடியாத வேலை, வகுப்பு, கடமை என்று ஏதாவது நாளும் நேரமும் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு வரும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும். "அஞ்சு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு, அதை விட்டா அஞ்சே முக்கால்தான், அது பிடிச்சா லேட் ஆகும்" என்று சொல்கிறவர் ஏற்கெனவே அந்தப் பாதையை யோசித்துப் பார்த்திருக்கிறார். "அதெல்லாம் வந்துடலாம் சார்" என்கிறவர் யோசிக்கவில்லை. அவரை உடனே விலக்க வேண்டாம். இப்போது யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் சிலர் நன்றாகவே சொல்வார்கள். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலான இடங்களில் கேட்பதே இல்லை. ஆனால் கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு என்றால் அந்த ஆள் இரண்டு வாரம் யாரிடமாவது கெஞ்சி வண்டியில் போவார், மூன்றாவது வாரம் சொல்லாமல் நின்றுவிடுவார். நீங்கள் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டுவீர்கள். உண்மையில் அது பஸ் பிரச்சினை.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா, எந்த மதம், கர்ப்பமா என்றெல்லாம் கேட்காதீர்கள். பல நாடுகளில் இவற்றைக் கேட்டு ஆளை விலக்குவது சட்டப்படி தப்பு. அது ஒருபக்கம் இருக்கட்டும், உங்களுக்குத் தேவையான தகவலும் அதில் இல்லை. உங்களுக்குத் தேவை, இந்த ஷிஃப்டில் இவரால் நிற்க முடியுமா என்பது. அதை நேரடியாக, ஆண் பெண் எல்லோரிடமும் ஒரே வார்த்தைகளில் கேட்டுவிடலாம்.

போனிலேயே 14 பேருக்கு நேரமோ போக்குவரத்தோ ஒத்துவரவில்லை. மீதி 27 பேருக்கு வியாழன் அல்லது வெள்ளி காலை ஆறு மணிக்கோ ஆறேகாலுக்கோ வரச் சொன்னோம். நேர்காணலுக்கு ஏன் அத்தனை சீக்கிரம் என்று சிலர் கேட்டார்கள். வேலை அந்த நேரத்தில்தான் தொடங்கும் என்று சொன்னோம். பகல் பதினொரு மணிக்கு நேர்காணல் வைத்தால் யாரும் சரியாக வந்துவிடுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. எந்த நேரத்தில் அவர் வர வேண்டுமோ அந்த நேரத்தில், எந்தப் பாதையில் வர வேண்டுமோ அந்தப் பாதையில் வந்து காட்டட்டும். முந்தின நாள் மாலை முகவரியையும் நேரத்தையும் ஒரு செய்தியாக அனுப்பினோம். காலையில் மறுபடி நினைவூட்டவில்லை. நினைவூட்டினால் கூட்டம் அதிகம் வரும், ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு தினமும் காலையில் நீங்கள் போன் போட்டு எழுப்பப் போவதில்லையே. அப்புறம் இன்னொன்று, நீங்கள் ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வந்தவரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு நேரத்தைப் பற்றிப் பேசினால் அவர் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

27 பேரில் 19 பேர் வந்தார்கள். வராத எட்டுப் பேரில் இருவர் மட்டும் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் எண்ணை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். வந்த 19 பேரில் 13 பேர் நேரத்துக்கு வந்தார்கள். ஆறு பேர் தாமதம். அந்த ஆறில் இருவர் குறித்த நேரத்துக்கு முன்பே போன் செய்து தாமதமாகும் என்று சொன்னவர்கள். மற்ற நால்வர் எதுவும் சொல்லாமல் பதினைந்து, இருபது நிமிடம் கழித்து வந்தவர்கள்.

மேலே சொன்ன அந்த ஏழு நல்ல ஆட்களை இங்கேதான் காப்பாற்ற வேண்டும். நாங்கள் வைத்த விதி இது: குறித்த நேரத்துக்கு முன்பே சொல்லி, எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு புது நேரம் கொடுத்து, அந்தப் புது நேரத்தைக் காப்பாற்றினால் அது தாமதமே இல்லை, நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. சொல்லாமல் வந்தால் ஐந்து நிமிடமானாலும் தாமதம்தான். ஏன் என்றால் உணவகத்தில் ஒரு ஆள் வராததால் வரும் நஷ்டத்தைவிட, வருவாரா மாட்டாரா என்று தெரியாததால் வரும் நஷ்டம் பெரிது. ஐந்தே காலுக்குத் தெரிந்தால் இன்னொருவரைக் கூப்பிடலாம், மேசைகளைப் பிரித்துக் கொடுக்கலாம், பாத்திரம் கழுவ ஒருவரை உள்ளே அனுப்பலாம். ஆறு பத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றால் எதுவும் செய்ய முடியாது. அதனால் நான் தேடுவது ஒருநாளும் தாமதிக்காத ஆளை அல்ல. தாமதமாகும்போது வாயைத் திறக்கிற ஆளை. சொல்லாமல் தாமதமாக வந்த நால்வரிடமும் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டோம். அதில் ஒருவரிடம் இந்த வேலைக்கென்றே படித்த சான்றிதழ் இருந்தது. அவரை விட்டதில் மேலாளருக்கு இரண்டு நாள் என் மேல் வருத்தம்.

மீதி 15 பேரிடம் தலைக்குப் பத்து நிமிடம் பேசினோம். எல்லோரிடமும் அதே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். ஐந்தையும் இங்கே எழுதவில்லை. எனக்கு அதிகம் உதவியது ஒன்றுதான்: "போன வேலையில் கடைசியாக எப்போது தாமதமாகப் போனீர்கள்? என்ன ஆச்சு, யாரிடம் சொன்னீர்கள்?" இதற்கு 'நான் தாமதமாகப் போனதே இல்லை' என்று பதில் வந்தால் 0. நாள், காரணம், யாருக்குப் போன் செய்தார், அவர் என்ன சொன்னார் என்று விவரமாக வந்தால் 2. தாமதமானதை ஒப்புக்கொண்டு, ஆனால் மேலாளர் சரியில்லை, கூட இருந்தவன் சரியில்லை என்று போனால் 1. பழிபோடுவது சில சமயம் நியாயமாகவும் இருக்கும், அதனால்தான் 0 போடவில்லை. இதுவரை வேலைக்கே போகாதவரிடம் பள்ளி, விளையாட்டு, வீட்டு வேலை எதை வைத்தும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இன்னொரு கேள்வி, போன வேலைகள் ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம் இருந்தார், ஏன் விட்டார் என்பது. ஒரு இடத்தில் மூன்று மாதத்தில் விட்டதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், இந்தத் தொழிலில் அது சாதாரணம். நான்கு இடத்திலும் இரண்டு மூன்று மாதம்தான் என்றால் உங்களிடமும் அவ்வளவுதான் இருப்பார். ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்கிறவர்களில் யாரையாவது அவருக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். உள்ளே தெரிந்தவர் இருப்பவர்களும் முந்தைய வேலையில் நீண்ட நாள் இருந்தவர்களும் சீக்கிரம் விட்டுப் போவது குறைவு என்று ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது, என் அனுபவமும் அதுதான். ஆனால் ஒரே குழுவாக நான்கு நண்பர்களை எடுத்துவிடாதீர்கள். போனால் நால்வரும் ஒரே நாளில் போவார்கள். உங்கள் நான்கு பேர் ஒரே வாரத்தில் நின்றதில் அந்தக் கதை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பேசிய அன்றே, அவர்கள் சம்மதத்தோடு, முந்தைய இடத்துக்குப் போன் செய்தோம். முதலாளியிடம் பேசுவதைவிட அவரோடு ஷிஃப்டில் நின்ற சூப்பர்வைசரிடம் பேசுவது நல்லது, வருகையைப் பார்த்தவர் அவர்தான். இன்னும் வேலையில் இருப்பவர் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் கூப்பிடக் கூடாது, அவர் வேலைக்கே உலை வைத்த மாதிரி ஆகிவிடும். "எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்றுதான் பதில் வரும். "மாதத்தில் எத்தனை நாள் சொல்லாமல் வராமல் இருந்தார்?", "ஆள் தேவைப்பட்டால் நாளைக்கே மறுபடி எடுப்பீர்களா?" இந்த இரண்டையும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "எடுப்பேன்" என்று உடனே வந்தால் ஒரு அர்த்தம், நான்கு நொடி கழித்து "ம்... எடுக்கலாம்" என்று வந்தால் வேறு அர்த்தம். நான்கில் ஒரு போனாவது எடுக்கவே மாட்டார்கள். அதை அந்த ஆளின் குறையாகக் கணக்கிடாதீர்கள்.

மதிப்பெண்ணையும் இந்தப் போன்களையும் வைத்துப் பார்த்ததில் 15 பேரில் ஒன்பது பேர் சோதனை ஷிஃப்டுக்கு வந்தார்கள். ஒரு வேளைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் பார்க்க முடியாது, இருக்கிற ஊழியர்களுக்கும் தொந்தரவு. வெள்ளி மாலை, சனி மதியம், சனி மாலை என்று மூன்று மணி நேரம், கூட்டம் உள்ள நேரத்தில். பிறகு ஞாயிறு அல்லது திங்கள் காலை ஆறு மணிக்கு இரண்டு மணி நேரம். ஆக ஒவ்வொருவரும் மூன்று முறை வந்துவிட்டார்கள், இரண்டு விடியற்காலை, ஒரு பகல் அல்லது மாலை. இந்த ஐந்து மணி நேரத்துக்கும் கூலி கொடுத்தோம், அந்தந்த நாளே கையில். கொடுக்காமல் வேலை வாங்குவது பல இடங்களில் சட்டவிரோதம். அதோடு, இலவசமாக உழைக்கச் சொன்னால் வேறு வாய்ப்பு இருக்கிற நல்ல ஆட்கள்தான் முதலில் போவார்கள்.

சோதனை ஷிஃப்டில் தட்டு தூக்கும் திறமையை நான் அதிகம் பார்ப்பதில்லை, அதை இரண்டு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, நடுவில் பதினைந்து நிமிட இடைவேளை கொடுத்துவிட்டு, "நாலு இருபதுக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்வேன். எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறார் என்று பார்ப்பேன். நேர்காணலுக்கு வரும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள், இடைவேளையில் அந்த உஷார் தளர்ந்துவிடும். ஒருவர் 28 நிமிடம் கழித்துக் கையில் போனோடு சாவகாசமாக வந்தார். மற்றதெல்லாம் நன்றாகச் செய்த ஆள், ஆனாலும் எடுக்கவில்லை. இரண்டாவது, முடிவுள்ள ஒரு சின்ன வேலை கொடுப்பேன். இந்த அலமாரியில் உள்ள கண்ணாடி டம்ளர்களைத் துடைத்து அடுக்கிவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்பேன். அடுக்கி முடித்துத் தானாக வந்து சொல்கிறாரா, முடித்துவிட்டு அங்கேயே நிற்கிறாரா, பாதியில் வேறு எங்காவது போய்விடுகிறாரா? கடைத்தளத்தில் இதே சோதனைக்கு ஒரு ரேக்கின் சரக்கை எண்ணி எழுதச் சொல்வேன். எண்ணிக்கை ஒன்றிரண்டு தப்பினால் பரவாயில்லை, திரும்பி வந்து காகிதத்தைக் கொடுப்பதுதான் முக்கியம்.

இன்னொருவர் இரண்டாவது சோதனை ஷிஃப்டுக்கு வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. ஏழு பேர் மிஞ்சினார்கள். ஐந்து இடத்துக்கு ஆறு பேரை எடுத்து, ஏழாமவரிடம் உண்மையைச் சொன்னோம்: "இப்போது இடம் இல்லை, பதினைந்து நாளுக்குள் ஒரு இடம் வர வாய்ப்பு உண்டு, வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான்." ஒருவரை அதிகம் எடுப்பது வீண் செலவு என்று தோன்றும். முதல் மாதத்தில் ஒருவர் கட்டாயம் போவார் என்று வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. யாரும் போகாவிட்டால்? இரண்டு வாரத்துக்கு மேலதிக நேர வேலை குறையும், அவ்வளவுதான். ஆனால் போகாமல் இருந்தால் ஆறு பேருக்கும் வேலை இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது என்றால் இப்படிச் செய்யாதீர்கள். ஆளை எடுத்துவிட்டு ஒரு மாதத்தில் அனுப்புவது அநியாயம்.

முடிவெடுத்த நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையில் ஒரு நாள்தான் விட்டோம். ஒரு வாரம் விட்டால் அதற்குள் வேறு யாராவது அவர்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். நேரத்தைக் காப்பாற்றுகிற ஆள் உங்களுக்கு மட்டும் தேவைப்படுகிறவர் இல்லையே.

சேர்ந்த பிறகும் முதல் பதினான்கு நாள் வந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதி வையுங்கள். தாமதம் எந்தக் கிழமை, எந்த ஷிஃப்டில் வருகிறது என்று பாருங்கள். இதை நான் கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடர்ந்து தாமதமாக வந்த இரண்டு பேரை, மூன்று முறை எச்சரித்துவிட்டு வேலையை விட்டு அனுப்பினேன். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களும் ஞாயிறு காலை தாமதம். அப்போதுதான் ஷிஃப்ட் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். சனி இரவு கடையை மூடுகிறவர்களையே ஞாயிறு காலை திறக்கவும் போட்டிருந்தேன். இரவு பன்னிரண்டுக்கு வீட்டுக்குப் போய், காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கத்தில் யார் வந்தாலும் தாமதமாகத்தான் வருவார்கள். தவறு என் அட்டவணையில், தண்டனை அவர்களுக்கு. அதற்குப் பிறகு மூடும் ஷிஃப்டுக்கும் திறக்கும் ஷிஃப்டுக்கும் நடுவில் குறைந்தது பதினொரு மணி நேரம் இல்லாமல் நான் பெயர் எழுதுவதில்லை. நாளைய ஷிஃப்டை இன்று இரவு சொல்கிற பழக்கத்தையும் விட்டேன், இரண்டு வார அட்டவணையை முன்கூட்டியே ஒட்டிவிடுகிறோம். நான்கு பேரும் ஒரே கிழமையில் தாமதம் என்றால் ஆட்களைப் பார்க்காமல் அட்டவணையைப் பாருங்கள். ஒருவர் மட்டும் எல்லாக் கிழமையும் தாமதம் என்றால் அது அந்த ஆள்.

அந்த ஆறு பேர் கதை என்ன ஆச்சு என்றால், பில்லிங்குக்கு எடுத்தவர் ஒன்பதாவது நாள் நின்றுவிட்டார். மூன்று முறையும் ஐந்து நிமிடம் முன்னதாக வந்தவர், முந்தைய இடத்து சூப்பர்வைசர் தயங்காமல் எடுப்பேன் என்று சொன்னவர். கல்லாக் கணக்கு இரண்டு நாள் இடித்தது, யாரும் திட்டவில்லை, ஆனால் அவருக்கே அந்த இடம் பிடிக்கவில்லை. நேரம் பார்த்து எடுப்பதில் இந்த ஓட்டை உண்டு. பில்லிங், சமையல் மாதிரி கையில் திறமை வேண்டிய இடங்களுக்கு அந்த வேலையையே அரை மணி நேரம் செய்யச் சொல்லித் தனியாகப் பார்க்க வேண்டும். நான் அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். அன்று மாலையே ஏழாமவரைக் கூப்பிட்டேன். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். சப்ளையராக எடுத்திருந்த ஆறாமவருக்குப் பில்லிங் மெஷினில் கொஞ்சம் பழக்கம் இருந்தது, அவரைக் கல்லாவில் உட்கார வைத்தோம். முப்பதாவது நாள் ஐந்து பேரும் இருந்தார்கள்.

காலை ஆறேகால் நேர்காணலுக்கு வராமல், வேறு வேலை கிடைத்துவிட்டது என்று முந்தின நாளே சொன்ன இருவரில் ஒருவரை மூன்று மாதம் கழித்து அடுத்த காலியிடம் வந்தபோது கூப்பிட்டேன். அந்த வேலையை விட்டிருந்தார். அவருக்கு மட்டும் சோதனை ஷிஃப்டை ஒன்றாகக் குறைத்தேன்.